பிரசங்கம் முடிந்தபின் வேப்பமரத்தடியில் வந்த மூன்று கேள்விகள்

வாசகர் கடிதம்

ஐயா, ஸ்தோத்திரம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன், வயது 38. எங்கள் ஐயருக்குப் பல கிராமச் சபைகள் இருப்பதால் மாதத்தில் இரண்டு ஞாயிறு நான்தான் பிரசங்கம். போன மாதம் யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை வைத்து, விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும், கர்த்தர் அவனை எழுப்புவார் என்று பேசினேன். நன்றாகவே போனது. முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது ஒரு கல்லூரிப் பையன் எல்லார் முன்னாலும், "சார், 'பெலன்'னா மூலபாஷையில துனாமிஸ், அதுல இருந்துதான் டைனமைட் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அந்த வசனத்துல அந்த வார்த்தையே இல்லியே" என்று போனைக் காட்டினான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேதத்தைப் போனில் படித்தால் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் போனதும் ஒரு அம்மா வந்தார். 19 வயது மகளை ரத்தப் புற்றுநோயில் பறிகொடுத்து ஒரு வருடம் ஆகிறது. "அப்போ எங்களுக்கு விசுவாசம் இல்லாமத்தான் என் பொண்ணு போச்சா?" என்று கேட்டார். இருந்த பதற்றத்தில், "நம்முடைய விசுவாசத்தில் எங்கே குறை என்று நாம்தான் ஆராய்ந்து பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு எண்ணெய் பூசி ஜெபித்தவர்களில் நானும் ஒருவன். அதற்கப்புறம் அந்த அம்மா ஆராதனைக்கு வரவில்லை.

பேசாமல் பிரசங்கத்தை விட்டுவிடலாமா, அல்லது முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் கிளம்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். சொன்னதைத் திரும்பப் பெற்றால் ஜனங்களுக்கு வசனத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடாதா?

இன்னொன்று, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு சகோதரர், விசுவாசத்தினால் மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் அடுத்த மாதம் சாட்சி சொல்லப்போவதாகவும் சொல்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்

தம்பி, கடிதத்தில் நீங்கள் போட்டிருக்கும் வரிசையை ஒருமுறை பாருங்கள். மாணவன் முதலில் வருகிறான், அந்த அம்மா இரண்டாவது, வலிப்புக்காரர் "இன்னொன்று" என்று கடைசியில். யார் நம்மை அதிகமாக வெட்கப்படுத்தினார்களோ அவர்கள்தான் மனதில் முதலில் வந்து நிற்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது, அதனால் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் பதிலை நான் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு விஷயம் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காது.

மாத்திரை: இன்று சாயங்காலமே

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது, எத்தனை வருடம் வலிப்பு வராமல் இருந்தவருக்கும் ஆபத்து. முன்பு வந்ததைவிடக் கடுமையாக வரலாம், ஒன்று நிற்பதற்குள் அடுத்தது என்று தொடர்ந்து வரலாம், அதில் உயிர் போகவும் கூடும். வராமல் இருந்ததே மாத்திரையால்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளம் வரவில்லை, அதனால் கரையை வெட்டிவிடலாம் என்பது போன்ற கணக்கு அது.

இன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். விசுவாசத்தைப் பற்றி வாதம் வேண்டாம். "அண்ணே, நான் பிரசங்கத்தில் பேசினதைக் கேட்டு நீங்க மாத்திரையை விட்டிருந்தா, நான் சரியா சொல்லலைன்னு அர்த்தம். நான் டாக்டர் இல்லை. வாங்க, சேர்ந்து போய் டாக்டரைக் கேட்போம்" என்று சொன்னால் போதும். நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதுதான். "பழைய அளவையே இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள், சில மாத்திரைகளை இடைவெளிக்குப் பிறகு குறைந்த அளவில் ஆரம்பித்துத்தான் ஏற்ற வேண்டும். டாக்டரைப் பார்க்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது, கிணற்றுப் பக்கமோ அடுப்புப் பக்கமோ தனியாகப் போகக் கூடாது. நடுவில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் 108.

அவருடைய ஆசையில் தவறில்லை என்பதையும் சொல்லுங்கள். இரண்டு வருடமோ அதற்கு மேலோ வலிப்பு வராமல் இருந்தால் சிலருக்கு டாக்டர்களே மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பதுண்டு, அதுவும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. அப்படி ஒரு நாள் அவருக்கு வந்தால் அன்றைக்குச் சாட்சி சொல்லட்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். இப்போதைக்கு அந்தச் சாட்சியைத் தள்ளிவைக்கும்படி ஐயரிடம் நீங்களே பேச வேண்டும். ஒருவர் சாட்சி சொன்னால், மாத்திரையை நிறுத்த இன்னும் நான்கு பேர் தயாராக இருப்பார்கள், அவர்கள் உங்களிடம் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

வேதத்தில் ஆதாரம் கேட்டால் சுற்றி வளைக்க வேண்டாம். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த பலவீனத்துக்குப் பவுல், ஜெபத்தோடு நிறுத்தாமல், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). அன்றைக்கு அது மருந்து. அதோடு நாம் இருப்பது வேலூர்ப் பக்கம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரு கட்டிலோடு ஆரம்பித்த மருத்துவமனை இருக்கிற ஊரில், ஜெபம் செய்கிறவர்கள் மருந்து சாப்பிடக் கூடாது என்று யாராவது சொன்னால் அது நம்முடைய சபைகளின் சரித்திரத்துக்கே பொருந்தாத பேச்சு.

அந்த அம்மா கேட்டது

இனி அந்த அம்மா. நான் பல வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆற்றுப்படுத்தும் ஊழியத்தில் இருந்தேன். சேர்ந்த புதிதில், ஆறு வயதுப் பையனை இழந்த ஒரு தகப்பனிடம், "ஆண்டவர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு நல்ல பூவைப் பறித்துக்கொண்டார்" என்று சொன்னேன். எங்கோ கேட்ட வாசகம், அழகாக இருப்பதாக நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அவருக்குத் தோட்டமே இருக்குது ஐயா, எனக்கு ஒண்ணுதானே இருந்துச்சு" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வந்திருக்கவும் கூடாது. அன்றைக்குப் புரிந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: கேள்விக்குறியோடு வருவதெல்லாம் விளக்கம் கேட்டு வருவதில்லை. அந்த அம்மா யாக்கோபு நிருபத்துக்கு உரை கேட்கவில்லை. ஒரு வருடமாக இரவில் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததை உங்களிடம் ஒருமுறை சத்தமாகக் கேட்டார், "இல்லை" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று. நீங்கள் "இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீங்கள் சொன்னது கடுமையானது மட்டும் இல்லை, அந்த வசனத்திலேயே இல்லாதது. நீங்கள் கணக்கு வாத்தியார், வரியை வரியாகப் பார்க்கத் தெரிந்தவர். யாக்கோபு 5:14, 15ஐ இப்போது திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். வியாதிப்பட்டவன் என்ன செய்ய வேண்டும்? சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும். அவன் செய்யச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். எண்ணெய் பூசுவது யார்? மூப்பர்கள். ஜெபிப்பது யார்? மூப்பர்கள். அப்படியானால் அடுத்த வரியில் வருகிற "விசுவாசமுள்ள ஜெபம்" யாருடைய ஜெபம்? படுத்திருக்கிறவருடைய விசுவாசத்தையோ அவரைப் பெற்றவளுடைய விசுவாசத்தையோ அளந்து பார்க்கும் வார்த்தை அங்கே ஒன்றும் இல்லை. பாவத்தைப் பற்றிச் சொல்லும்போதும் "பாவஞ்செய்தவனானால்" என்றுதான் இருக்கிறது, வியாதி வந்தாலே பாவம் செய்திருப்பான் என்று யாக்கோபு எழுதவில்லை.

சுவிசேஷத்திலும் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பனின் கதையில், சீஷர்களால் சுகமாக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்டதற்கு "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று இயேசு சொன்னது சீஷர்களைப் பார்த்து (மத்தேயு 17:20). ஜெபிக்கப் போனவர்களைப் பார்த்து. அந்தத் தகப்பனோ, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அரைகுறையாகத்தான் சொன்னான் (மாற்கு 9:24), அவனை யாரும் ஆராய்ந்து பார்க்கச் சொல்லவில்லை, பையன் சுகமானான்.

இப்போது நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். எண்ணெய் பூசி ஜெபித்தவர்களில் நீங்களும் ஒருவர். விசுவாசத்தில் குறை என்று பேச வேண்டுமானால், வசனத்தின்படி அந்தக் கேள்வி உங்கள் பக்கமும் மூப்பர்கள் பக்கமும் திரும்ப வேண்டியது. அது உங்களை நோக்கி வருவதற்குள் அதை அந்த அம்மாவின் மேல் திருப்பிவிட்டீர்கள். தெரிந்து செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருவேளை நீங்களும் அந்தப் படுக்கையருகே நின்ற நாளிலிருந்து அதே கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

அப்படியென்றால் இனி நீங்கள் உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டுமா? அதுவும் வேண்டாம். பவுலைவிட நமக்கு விசுவாசம் அதிகம் என்று சொல்ல மாட்டோம். அவர் தன் கடைசிக் கடிதங்களில் ஒன்றில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). காரணமும் இல்லை, விளக்கமும் இல்லை, வெறும் செய்தியாக ஒரு வரி. தன்னுடைய மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தடவை வேண்டிக்கொண்டும் அது எடுபடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். யாக்கோபு 5ஐப் பிரசங்கிக்கும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருந்தால், அந்த அம்மா வேப்பமரத்தடி வரை வந்து அதைக் கேட்க வேண்டி இருந்திருக்காது.

யாக்கோபு 5:15இல் வரும் "இரட்சிக்கும்" என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்த மாணவன் எப்படியும் ஒரு நாள் இதையும் கேட்பான். கிரேக்கத்தில் அந்த வினை, சரீர சுகத்துக்கும் வரும், ஆத்தும இரட்சிப்புக்கும் வரும். இதே நிருபத்தில் யாக்கோபு அதை வேறு நான்கு இடங்களில் எழுதியிருக்கிறார், அங்கெல்லாம் ஆத்தும இரட்சிப்பைப் பற்றிய பேச்சுதான். "எழுப்புவார்" என்ற வினையும் அப்படியே, பேதுருவின் மாமி ஜுரத்திலிருந்து எழுந்ததற்கும் அது உண்டு, மரித்தோர் எழுந்திருப்பதற்கும் உண்டு. அதனால் வேத அறிஞர்கள் இந்த வசனத்தில் ஒரே கருத்தாக இல்லை. வியாதியைப் பற்றிய இடம் என்பதால் யாக்கோபு முதலில் சரீர சுகத்தைத்தான் நினைத்தார் என்பது என் எண்ணம். ஆனால் எண்ணம்தான். இதை வகுப்பில் சொல்லலாம். அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள், மகளை இழந்தவளுக்குக் கிரேக்க இலக்கணம் எதற்கு?

போய்ப் பார்க்கும்போது

போனில் வேண்டாம், நேரில் போங்கள். உங்கள் மனைவியையோ பெண்கள் ஐக்கியத்தில் அந்த அம்மாவுக்குப் பிடித்த ஒருவரையோ கூட்டிக்கொள்ளுங்கள். வருவதாக முன்னாலேயே சொல்லி அனுப்புங்கள், திடீரென்று வாசலில் போய் நின்றால் மறுக்க அவருக்கு வழி இருக்காது. பேச வேண்டியது மிகக் கொஞ்சம்: "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் சொன்னது தப்பு அம்மா. அந்த வசனத்தில் அப்படி இல்லை. உங்க விசுவாசம் குறைஞ்சதால உங்க பொண்ணு போகலை. ஏன் போனாள்னு எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிடுங்க." இதோடு நிறுத்த வேண்டும். "ஆனால்" என்று ஒரு வார்த்தை அதற்குப் பின்னால் வந்தால் மன்னிப்பு போய் விளக்கம் வந்துவிடும். நீங்கள் எவ்வளவு வருத்தப்பட்டீர்கள், எத்தனை இரவு தூங்கவில்லை என்பதெல்லாம் எனக்கு எழுதலாம், அங்கே வேண்டாம், அப்புறம் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். ஆண்டவர் மேலேயே கோபப்பட்டுப் பேசினாலும் திருத்தாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து கடவுளுக்காக வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் கெட்டது, முடிவில் கடவுளே அவர்கள் பேசினது சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

மகளுடைய பேரைச் சொல்லிப் பேசுங்கள். இழந்தவர்கள் வீட்டில் எல்லாரும் அந்தப் பேரைத் தவிர்ப்பார்கள், பெற்றவளுக்கு அதுதான் தாங்க முடியாது. கிளம்பும்போது ஜெபிக்கலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம். "ஞாயிறு வந்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள், ஆள் கணக்கு எடுக்க வந்த மாதிரி ஆகிவிடும்.

உங்களால் முடியாத எல்லை எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்தும் அழுவது இயல்பு, அதை வியாதி என்று நினைக்க வேண்டாம். ஆனால் சரியாகச் சாப்பிடாமல் உடம்பு கரைந்துகொண்டே போவது, வீட்டை விட்டு வெளியே வராமலே இருப்பது, "நானும் அவ கிட்டயே போயிடறேன்" என்ற மாதிரிப் பேச்சு, இவை காதில் விழுந்தால் அது பிரசங்கியாரோ ஐயரோ மட்டும் பார்த்துக்கொள்ளும் காரியம் இல்லை. வீட்டாரிடம் சொல்லி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், அதற்குள் பேச ஆள் வேண்டுமானால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104லும் கேட்கலாம். சாகவேண்டும் என்ற பேச்சை நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. "அந்த மாதிரி யோசனை வருதாம்மா?" என்று கேட்கலாம்.

இந்த விஷயத்தைப் பிரசங்கத்தில் உதாரணமாக, பேர் சொல்லாமல்கூட, எடுக்காதீர்கள். கிராமத்தில் பேர் சொல்லாவிட்டாலும் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஜெபக் குறிப்பில் வாசிப்பதும் கூடாது.

டைனமைட்

மாணவன் சொன்னது சரி. இரண்டு விதத்தில் சரி. யாக்கோபு 5:16இல் "பெலனுள்ளதாயிருக்கிறது" என்ற இடத்தில் துனாமிஸ் என்ற பெயர்ச்சொல் இல்லை, "இஸ்குவோ" என்ற வேறொரு வினைச்சொல் இருக்கிறது, சக்தி உள்ளது, செய்து முடிக்கும் என்ற பொருளில். இரண்டாவது, துனாமிஸ் இருக்கிற வசனங்களிலும், உதாரணத்துக்கு ரோமர் 1:16, டைனமைட் விளக்கம் நிற்காது. ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1867இல். பழைய கிரேக்கச் சொல்லை எடுத்துப் புது வெடிக்கு அவர் பேர் வைத்தார். பேர் அங்கிருந்து இங்கே வந்ததே தவிர, பாறையை உடைக்கும் வெடியை மனதில் வைத்துப் பவுல் எழுதியிருக்க முடியாது. நம்முடைய பேச்சிலேயே பாருங்களேன், "வண்டி" என்று சங்க காலத்துப் பாட்டில் வந்தால் புல்லட் என்று உரை எழுதுவோமா?

இதை நீங்கள் உருவாக்கவில்லை, எங்கோ ஒரு கன்வென்ஷனிலோ யூடியூபிலோ கேட்டிருப்பீர்கள், ஊர் ஊராகச் சுற்றுகிற விளக்கம் அது, நானே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். "மூலபாஷையில்" என்று ஆரம்பித்தால் சபை நிமிர்ந்து உட்காரும், அந்த ருசி பொல்லாதது. என் வழக்கம் என்னவென்றால், நானே சரிபார்க்க முடியாத கிரேக்க, எபிரெய வார்த்தையை மேடையில் சொல்வதில்லை. பழைய மொழிபெயர்ப்பையும் ஒரு புதிய தமிழ் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று காட்டினாலே பாதிப் பிரசங்கத்துக்கு விஷயம் கிடைத்துவிடும், அதைக் கேட்கிறவர்களும் வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்கலாம்.

நம்பிக்கை போய்விடாதா என்று கேட்டிருந்தீர்களே, அதில்தான் நீங்கள் ஒன்றை ஒன்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறீர்கள். வசனம் வேறு, அதற்கு நீங்கள் கொடுத்த விளக்கம் வேறு. விளக்கத்தைத் திரும்பப் பெற்றால் வசனம் அப்படியே இருக்கும். பெறாவிட்டால்தான் சிக்கல், அந்தப் பையன் போனில் பார்த்தது உண்மை என்று அவனுக்குத் தெரியும், நீங்கள் மழுப்பியதும் தெரியும், நாளைக்கு நீங்கள் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போதும் அவனுக்கு டைனமைட்தான் ஞாபகம் வரும். வகுப்பில் கரும்பலகையில் ஒரு அடையாளத்தை மாற்றிப் போட்டுவிட்டு, ஒரு மாணவி சுட்டிக்காட்டினால் என்ன செய்வீர்கள்? அழித்துவிட்டுச் சரியாக எழுதுவீர்கள். அதனால் கணக்கின் மேல் யாருக்காவது நம்பிக்கை போயிருக்கிறதா?

தவறு மேடையில் நடந்தது, திருத்தமும் மேடையில்தான் வர வேண்டும், அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் மட்டும் போதாது. அதைத் தனி நிகழ்ச்சியாக்க வேண்டாம். அடுத்த முறை பிரசங்கம் ஆரம்பிக்கும்போது அரை நிமிடம்: "போன தடவை துனாமிஸ், டைனமைட் என்று ஒன்று சொன்னேன். அது தவறு, அந்த வசனத்தில் அந்த வார்த்தை இல்லை. நம்ம சபைத் தம்பி ஒருவர் கவனித்துச் சொன்னார், அன்றைக்கு நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை, அதற்கும் வருந்துகிறேன்." பிறகு வழக்கம்போல வசனத்தை வாசியுங்கள். பேர் சொல்வதற்கு முன் அவனைக் கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குப் பிடிக்காது. அதே மூச்சில் இன்னொரு வரியும் சேர்க்கலாம்: அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள் என்று. இதைக் கட்டாயம் சேருங்கள்.

பெரிய பிரசங்கிகளும் திருத்தப்பட்டிருக்கிறார்கள். எபேசுவில் அப்பொல்லோ வசனங்களில் வல்லவனாகப் பேசினான், ஆனால் யோவானுடைய ஸ்நானம் வரைக்கும்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 18). அவன் கேட்டுக்கொண்டான். உங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்ய ஒரு மாணவன் வந்திருக்கிறான், அடுத்த பிரசங்கத்துக்கு முன் உங்கள் குறிப்பை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்களேன்.

"தெரியாது" என்பதைச் சொல்வது

பிரசங்கத்தை விடுவதும் வேண்டாம், முடிந்ததும் ஓடுவதும் வேண்டாம். நின்றால் கேள்வி வரும், அதில் பாதிக்கு உங்களிடம் பதில் இருக்காது. அதற்கு ஒரு பழக்கம் மட்டும் போதும். பதில் சொல்லும்போது மூன்றில் எது என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்: இது வசனத்தில் எழுதியிருக்கிறது, இது நம்முடைய சபை போதிக்கிறது, இது என் அபிப்பிராயம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1 கொரிந்தியர் 7ஐப் பாருங்கள். ஓரிடத்தில் நானல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறார் என்கிறார் பவுல். சற்றுத் தள்ளி, கர்த்தர் சொல்லவில்லை, நான் சொல்லுகிறேன் என்கிறார். கன்னிகைகளைப் பற்றி வரும்போது "கர்த்தரால் எனக்குக் கட்டளையில்லை" என்று சொல்லிவிட்டு, அபிப்பிராயம் என்று பேர் போட்டே தருகிறார். அப்போஸ்தலன் பிரித்துப் பேசியதை நாம் ஒன்றாகக் கலந்து, எல்லாவற்றுக்கும் கர்த்தருடைய கையெழுத்தைப் போடுகிறோம்.

"தெரியாது" என்பதிலும் இரண்டு வகை உண்டு. தேடினால் கிடைக்கும் விஷயமாக இருந்தால், ஒரு சின்ன நோட்டில் கேள்வியையும் கேட்டவர் பேரையும் அவர் கண் முன்னால் எழுதிக்கொண்டு, "ரெண்டு வாரத்துல பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், சொன்ன நாளில் கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்றாவது போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அந்தத் "தெரியாது" வெறும் தட்டிக்கழிப்பாகிவிடும். யாருக்குமே தெரியாத விஷயமாக இருந்தால், "ஏன் என் பொண்ணு?" என்பது போல, நோட்டை எடுக்காதீர்கள், அங்கே தேதி கொடுப்பது பொய். கடைசி நாளைப் பற்றி, பிதா ஒருவர் தவிர குமாரனும் அறியார் என்று இயேசுவே சொன்னார் (மாற்கு 13:32), நமக்கு என்ன வெட்கம்?

சண்டைக்கென்றே கேட்கிறவர்களும் வருவார்கள், பக்கத்துச் சபையிலிருந்து ஒருவர் ஞானஸ்நானத்தைப் பற்றி வாரா வாரம் கேட்பார். ஒருமுறை மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், இரண்டாம் முறை டீ வாங்கிக் கொடுங்கள்.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போவதற்கு முன்னும், மேடையில் திருத்தம் சொல்வதற்கு முன்னும், உங்கள் ஐயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவருடைய பொறுப்பில்தான் நீங்கள் பிரசங்கம் செய்கிறீர்கள், கமிட்டியில் யாராவது கேட்டால் அவருக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு சகோதரர் வீட்டுக்கு மட்டும் அவருக்காகக் காத்திருக்காதீர்கள், போய்விட்டுச் சொல்லிக்கொள்ளலாம். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.